பேனல் வாங்கும்முன் ஒரு கணக்கு

433 வோல்ட் தரும் 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை சுமார் 1333 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்றால், பக்கத்திலேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது அதைப்போல் 20 மடங்கு, ஏறத்தாழ 27,000 ஆம்பியர் பாயும். பஸ்பார்களை விலக்கித் தள்ளும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால், தாங்கும் இன்சுலேட்டர்கள் உடையலாம். எனவே 35 கிலோஆம்பியரை ஒரு நொடி தாங்கும் பேனலைக் கேளுங்கள்.

பராமரிப்பவரின் பாதுகாப்புக்காகப் பலரும் 'ஃபார்ம் 4' தடுப்பு கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தடுப்புகள் கூடினால் வெப்பம் வெளியேறாது. அதே பஸ்பார் குறைந்த மின்னோட்டத்தையே சுமக்கும். ஐஇசி 61439 தரநிலை 24 மணி நேரச் சராசரியாக 35 டிகிரியைத்தான் கொள்கிறது. உங்கள் அறை அதைவிடச் சூடா? அந்த வெப்பநிலையில், அதே தடுப்போடு எத்தனை ஆம்பியர் என்று எழுத்தில் வாங்குங்கள்.