கையெழுத்தைப் பற்றிக் கேளுங்கள், டீச்சர்

கடிதத்தைப் படித்துப் பார்த்தேன், டீச்சர். மரியாதையாக, தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றலாம். "விமானத் துறையில் உள்ள வேலைவாய்ப்புகள் பற்றி எங்கள் பிளஸ் டூ மாணவர்களிடம் பேச வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வரி. அப்படிக் கேட்டால் வருகிறவர் பைலட், ஏர் ஹோஸ்டஸ், கார்கோ என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போய்விடுவார். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். விமானப் பராமரிப்பு இன்ஜினியர் ஒருவரால்தான் சொல்ல முடியும் என்று ஒன்று இருக்கிறது. டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

ஒரு விமானத்தில் பழுது பார்த்தார்கள் என்றால், வேலை முடிந்ததுமே அது கிளம்பிவிடாது. லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் ஒருவர், இன்ன வேலை இன்ன கையேட்டின்படி நடந்தது, இனி பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தின் கனம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால், 1990 ஜூனில் இங்கிலாந்தில் நடந்ததை அவரிடம் கேளுங்கள்.

பர்மிங்காமில் ஒரு ராத்திரி ஷிஃப்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றுக்கு பைலட் முன்னால் இருக்கும் கண்ணாடியை மாற்றினார்கள். அதற்கு 90 போல்ட். ஷிஃப்ட் மேலாளர் தானே வேலையில் இறங்கினார். கழற்றிய பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். பாகப் பட்டியலைப் பார்த்திருந்தால் அந்தப் பழைய போல்ட்டே சரியான அளவு இல்லை, நீளம் குறைவு என்று தெரிந்திருக்கும். இதற்கு வேறு அளவு போடுவார்கள் என்று ஸ்டோரில் இருந்தவர் சொல்லியும் பார்த்தார். பழையதே போதும் என்று இவர் இருந்துவிட்டார். அங்கே அது போதிய எண்ணிக்கையில் இல்லை. ஆள் இல்லாத இன்னொரு ஸ்டோருக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில், கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தே மீதியை எடுத்தார். அப்படி எடுத்த 84 போல்ட்டும் விட்டத்தில் சுமார் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. முறுக்கினால் இறுகுவது போலத்தான் இருக்கும். மரை மட்டும் சரியாகப் பிடிக்காது.

ஜூன் 10 அன்று அந்த விமானம் மலாகாவுக்குக் கிளம்பியது. 17,300 அடி உயரத்தில் உள்ளே இருந்த காற்றழுத்தம் கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் உடலில் பாதி ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானத்தில் இருந்த எல்லோரும், கேப்டன் உட்பட, பிழைத்தார்கள்.

இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, வேலை செய்தவரும் அதற்குக் கையெழுத்துப் போட்டவரும் ஒரே ஆள் என்பது. இரண்டாவது ஆள் சரிபார்த்தே ஆக வேண்டிய வேலைகளில் அந்தக் கண்ணாடி அன்று சேர்ந்திருக்கவில்லை. அவர் திறமையில்லாதவர் அல்ல, அனுபவசாலி. என் கணிப்பில், அனுபவம் தந்த அந்தத் தைரியம்தான் பாகப் பட்டியலைத் திறக்க விடவில்லை.

இப்போது, அந்தக் கையெழுத்து உரிமை எப்படிக் கிடைக்கிறது என்பது. குடும்பங்கள் பணத்தை விடுவது இங்கேதான். கோர்ஸ் முடித்தால் கையில் வருவது கோர்ஸ் சான்றிதழ், அது லைசென்ஸ் அல்ல. லைசென்ஸ் கொடுப்பது டிஜிசிஏ. அதன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படிக்க வேண்டும். இன்ஜின், உடற்பகுதி பக்கம் போனால் பி1. மின்னணுக் கருவிகள் பக்கம் போனால் பி2. டிஜிசிஏ தேர்வுகளைத் தாள் தாளாக எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும். கணிதம், இயற்பியல் மட்டுமல்ல, மனிதத் தவறுகள் பற்றியே தனித் தாள் ஒன்று உண்டு. அத்தோடு, ஓடிக்கொண்டிருக்கும் விமானங்களில் வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். லைசென்ஸ் வந்த பிறகும், ஏர்பஸ் 320 போன்ற ஒரு ரகத்துக்குத் தனிப் பயிற்சி முடித்து, வேலை செய்யும் நிறுவனம் அனுமதி கொடுத்தால்தான் அந்த ரகத்துக்குக் கையெழுத்துப் போடலாம். அதனால் எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள்?" என்பது. வருகிறவரிடம் இதைப் பலகையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பிளஸ் டூ வகுப்பை மட்டும் அழைத்திருக்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பைப் பதினொன்றில் எடுத்துவிட்ட பிள்ளைக்கு, பன்னிரண்டில் கேட்டு என்ன பயன்? பத்தாம் வகுப்பையும் உட்கார வையுங்கள்.

ஆகவே அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: "நீங்கள் ஒரு விமானத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் என்னென்ன பார்ப்பீர்கள், அந்த உரிமையைப் பெற எத்தனை ஆண்டு ஆயிற்று, எவ்வளவு செலவாயிற்று என்று சொல்ல வேண்டுகிறோம்." ஒரே தேதியைக் குறிப்பிடாமல் மூன்று தேதி கொடுங்கள். அவர்களுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் வரச் சொல்லாதீர்கள்.