இரத்தத்தில் பூஞ்சை: மருந்து, குழாய், கண்

ஐசியூவில் கிடக்கும் ஒருவரின் சளியிலோ சிறுநீரிலோ கேண்டிடா என்ற பூஞ்சை தென்பட்டால் மருத்துவர்கள் உடனே பதறுவதில்லை. அது நம் வாயிலும் குடலிலும் எப்போதும் குடியிருப்பதுதான். ஆனால் பிளட் கல்ச்சரில், அதாவது இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் விஷயம் வேறு. தோலில் இருந்த கிருமி தவறி விழுந்திருக்கும் என்று பாக்டீரியா விஷயத்தில் சில சமயம் ஒதுக்கிவிடலாம். இரத்தத்தில் வந்த கேண்டிடாவை அப்படி ஒருபோதும் ஒதுக்கக் கூடாது.

இந்த வார்டுகளில் வழக்கமாகக் காணும் விதத்தில் ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு 58 வயது. குடல் ஓட்டையாகி அவசர அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. வாய்வழிச் சாப்பாடு கிடையாது. கழுத்துப் பெரிய நரம்பில் போட்ட சென்ட்ரல் லைன் வழியாகத்தான் சத்து போகிறது. கூடவே சக்திவாய்ந்த ஆன்டிபயாடிக்குகள் இரண்டு. பத்தாம் நாள் மறுபடி காய்ச்சல் எழுகிறது, ஆன்டிபயாடிக்கை மாற்றியும் இறங்கவில்லை. நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த குடல், தையல் போட்ட குடல் சுவர், நரம்புக்குள் நாள்கணக்கில் கிடக்கும் குழாய்: மூன்றும் சேர்ந்தால் கேண்டிடா இரத்தத்துக்குள் நுழையப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

கல்ச்சர் எடுத்த இரண்டாம் நாள் லேபிலிருந்து போன் வருகிறது. ஸ்லைடில் மொட்டு விட்ட ஈஸ்ட் தெரிகிறது என்கிறார்கள். எந்த வகைக் கேண்டிடா என்று தெரிய இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை காத்திருக்க நேரமில்லை. மருந்தை அன்றே தொடங்க வேண்டும்.

கையில் முக்கியமாக இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று ஃபுளூகோனசோல். படர்தாமரைக்கு மருந்துக் கடையில் 150 மில்லிகிராம் மாத்திரையாக விற்கும் அதே மருந்துதான். விலை குறைவு, வாய்வழி கொடுத்தாலும் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேரும். மற்றொன்று எக்கினோகேண்டின் குடும்பம்: காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின். இவை ஊசியாக மட்டுமே கிடைக்கும், விலையும் பல மடங்கு. ஃபுளூகோனசோல் கேண்டிடாவின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். எக்கினோகேண்டின் அதன் செல் சுவர் கட்டப்படுவதையே தடுத்துக் கொல்லும். மனித செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது என்பதால் பக்க விளைவும் குறைவு.

நோயாளி தள்ளாடிக்கொண்டிருக்கும்போது எக்கினோகேண்டினில் தொடங்குவதே இன்றைய வழக்கம். 2007-இல் அனிடுலாஃபங்கினையும் ஃபுளூகோனசோலையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் முதல் மருந்து வாங்கியவர்களில் சுமார் 76 விழுக்காட்டினருக்கும், இரண்டாவது வாங்கியவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை பலித்தது. நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 27 இந்திய ஐசியூக்களில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில் முதலிடம் பிடித்தது டிராபிகாலிஸ் வகை. ஃபுளூகோனசோலுக்குப் பெரும்பாலும் அடங்காத ஆரிஸ் என்ற வகையும் அதில் இருபதில் ஒருவரிடம் தென்பட்டது. கிளாப்ராட்டா, குருசை வகைகளிலும் ஃபுளூகோனசோலை நம்ப முடியாது. வகை தெரியாத நாளில் மலிவு மருந்தை நம்பி இறங்குவது சூதாட்டம். நோயாளி நிலையாக இருந்து, ஃபுளூகோனசோலுக்கு அடங்காத வகை இருக்க வாய்ப்பும் குறைவானால் மட்டுமே அதில் தொடங்கலாம்.

நம் நோயாளிக்கு காஸ்போஃபங்கின் முதல் நாள் 70 மில்லிகிராம், பிறகு தினம் 50.

மருந்தோடு சேர்ந்து செய்ய வேண்டியது, கழுத்தில் உள்ள குழாயை எடுப்பது. இதில்தான் உறவினர்களுக்குக் குழப்பம் வருகிறது. "அதையும் எடுத்துட்டா மருந்து எப்படி டாக்டர் போகும்?" என்று மகன் கேட்பது நியாயமான கேள்விதான். கையில் சிறு ஊசிகள் போட்டு ஓரிரு நாள் சமாளிக்கலாம். குழாயின் உட்சுவரில், தண்ணீர்த் தொட்டியில் பாசி படிவது போல, கேண்டிடா ஒரு பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக நுழையாது. அங்கிருந்து பூஞ்சை மீண்டும் மீண்டும் இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். பழைய குழாய்க்குள் கம்பி விட்டு அதே இடத்தில் புதியதை மாற்றுவதும் உதவாது. அதே பாதையில் புதுக் குழாயும் அழுக்காகும். புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்தவர்களுக்குப் பூஞ்சை குடலிலிருந்தே வந்திருக்கலாம் என்பதால், அவர்கள் குழாயை எடுப்பதா என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு, குழாய்தான் காரணம் என்று தோன்றி, எடுப்பதும் பாதுகாப்பானால், தள்ளிப்போடக் கூடாது.

இனி தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மறு கல்ச்சர். இதைச் சலிப்பில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. ஏனென்றால் சிகிச்சையின் கணக்கு முதல் ஊசியிலிருந்து தொடங்குவதில்லை, பூஞ்சை இல்லை என்று வந்த முதல் கல்ச்சரிலிருந்துதான் தொடங்குகிறது. அதிலிருந்து 14 நாள். நம் நோயாளிக்கு நான்காம் நாள் எடுத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. வகை டிராபிகாலிஸ், ஃபுளூகோனசோலுக்கு அடங்கும் என்றும் லேப் சொல்லிவிட்டது. காய்ச்சலும் இறங்கிவிட்டது. இந்த நிலையில் ஐந்து முதல் ஏழு நாளுக்குள் ஃபுளூகோனசோலுக்கு மாறலாம்.

மாறும் முன் கண்ணைப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் சுற்றும் கேண்டிடா விழித்திரைக்குப் பின்னால் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் தங்கக்கூடும். வெண்டிலேட்டரில் இருப்பவர், மயக்க ஊசியில் இருப்பவர் கண் மங்குகிறது என்று சொல்ல முடியாது. கண் மருத்துவர் படுக்கைக்கே வந்து, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, தலையில் மாட்டிய விளக்கும் கையில் ஒரு லென்ஸுமாக விழித்திரையைப் பார்ப்பார். சொட்டு விட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் இரவு டியூட்டிக்கு வருபவர் விரிந்த கண்மணியைப் பார்த்து மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோவார்.

நம் நோயாளியின் வலது கண்ணில், பார்வையின் மையத்தைத் தள்ளி, பஞ்சு போன்ற வெள்ளைப் புள்ளி ஒன்று. கண்ணுக்குள் உள்ள கூழ் தெளிவாக இருக்கிறது. இதனால் கணக்கு மாறிவிடும். எக்கினோகேண்டின் கண்ணுக்குள் போதிய அளவு நுழையாது, ஃபுளூகோனசோல் நன்றாக நுழையும். எனவே மாற்றம் இப்போது கட்டாயம். 800 மில்லிகிராமில் தொடங்கி தினம் 400 முதல் 800 வரை, 14 நாளுக்குப் பதில் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம். புள்ளி மையத்தில் இருந்தாலோ கூழ் கலங்கியிருந்தாலோ கண்ணுக்குள்ளேயே மருந்தை ஊசியாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

எல்லாருக்கும் கண்ணைப் பார்க்க வேண்டுமா என்பதில் சச்சரவு உண்டு. கண்ணின் கூழ் வரை நோய் பரவுவது நூறில் ஒருவருக்கும் குறைவு என்று சொல்லி, அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கத் தேவையில்லை என்கிறது அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி. தொற்றுநோய் நிபுணர்களின் வழிகாட்டி முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்கிறது. பேச முடியாத நோயாளிக்கு அறிகுறி இல்லை என்று யார் சொல்வது? ஒரு முறை பார்த்துவிடுவதே சரி என்பது என் கட்சி. வெள்ளை அணுக்கள் குறைந்தவர்களுக்கு மட்டும் அவை ஏறிய பிறகு பார்க்க வேண்டும், அதற்கு முன் புள்ளி தெரியாமல் போகலாம்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டுக்குத் திரும்பினால், கல்ச்சர் சுத்தமான தேதியையும் மாத்திரை முடியும் தேதியையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் சாப்பிடுபவரானால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபுளூகோனசோல் அவற்றின் வேகத்தை உடலில் கூட்டிவிடும். பார்வை மங்கினாலோ கண் முன் புள்ளிகள் மிதந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.