தலை நுழையாத கழுத்துப்பட்டி

ரிப் பின்னலில் நிட் கண்ணிகளின் வரிசை முன்னால் புடைத்து நிற்கும். பர்ல் வரிசை பின்னால் மடிந்து ஒளிந்துகொள்ளும். இழுத்தால் மடிப்பு பிரிந்து பட்டி விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. ஆனால் கண்ணி ஏற்றிய ஓரத்திலும் முடித்த ஓரத்திலும் இந்த மடிப்பு உதவாது. கண்ணிகள் வரிசையாகக் கோத்துக்கொண்ட ஓரம் அது. அதில் எவ்வளவு நூல் செலவானதோ அவ்வளவுதான் நீளும். மணிக்கட்டில் தடம் பதிப்பது பெரும்பாலும் இந்த ஓரம்தான்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 50 செ.மீ. அதன் ஸ்வெட்டர் கழுத்துப்பட்டியில் 80 கண்ணிகள் இருக்கின்றன, இழுக்காதபோது 33 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஓரம் ஒன்றரை மடங்கு விரிந்தாக வேண்டும். இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேல் தூக்கிப்போடும் வழக்கமான முறை இங்கே பெரும்பாலும் காலை வாரிவிடும்.

ஜெனி ஸ்டைமன் 2009-இல் வெளியிட்ட முறை இதற்கு ஏற்றது. ஒவ்வொரு கண்ணியையும் பின்னுவதற்கு முன் ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்ற வேண்டும். பர்ல் கண்ணிக்கு வழக்கமான திசையிலும், நிட் கண்ணிக்கு அதற்கு எதிர்த்திசையிலும் சுற்ற வேண்டும். கண்ணியைப் பின்னியதும் அந்தச் சுற்றை அதன் மேல் தூக்கிவிட வேண்டும். பிறகு வழக்கம்போல் முந்தைய கண்ணியைத் தூக்கிப்போடலாம். கூடுதல் சுற்றில் போன நூல்தான் இழுக்கும்போது கைகொடுக்கிறது. அதிகம் விரியத் தேவையில்லாத இடத்தில் இதையே செய்தால் ஓரம் அலையலையாகப் பரந்து நிற்கும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு எலிசபெத் சிம்மர்மன் பரப்பிய தையல் முடிப்பு பொருந்தும். ஓரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் நூல் விட்டு நறுக்கி, மழுங்கிய ஊசியில் கோக்க வேண்டும். முதல் இரண்டு கண்ணிகளுக்குள் வலமிருந்து இடமாக நுழைத்து இழுத்து, பிறகு முதல் கண்ணிக்குள் மட்டும் இடமிருந்து வலமாக நுழைத்து அதை ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். நூலை இறுக்கினால் பலன் போய்விடும். பத்துக் கண்ணி முடிந்ததும் இழுத்துப் பார்ப்பது நல்லது: பட்டி விரிய, ஓரம் மட்டும் விறைத்து நின்றால் அங்கேயே பிரித்துவிடலாம்.

கீழிருந்து மேலாகப் பின்னும் கைப்பட்டியில் சிக்கல் தொடக்கத்திலேயே வருகிறது. பெரிய ஊசியில் கண்ணி ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் கண்ணி உயரமாகிறதே தவிர, இரண்டு கண்ணிக்கு நடுவே ஓடும் நூல் நீள்வதில்லை. நீள்வால் முறையில் கண்ணி ஏற்றும்போது அடுத்தடுத்த கண்ணிகளுக்கிடையே 3 மி.மீ. அளவு இடைவெளி விடுவதே சரியான வழி. சாக்ஸ் போல இன்னும் நெகிழ வேண்டியதற்கு, கட்டைவிரல் வளையத்தில் ஒரு முறுக்குச் சேர்க்கும் ஜெர்மன் முறை மேல்.

இறுகிப்போன முடிப்பைப் பிரித்து மறுபடி போடலாம். ஏற்றிய ஓரத்தை அப்படி உருவ முடியாது. பட்டியை வெட்டிவிட்டு, கண்ணிகளை எடுத்துக் கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். அப்போது ரிப் வரிசைகள் அரைக் கண்ணி விலகித் தெரியும்.