கிரைய உடன்படிக்கையில் முரண்படும் தொகை, தேதி: சந்தேகங்களும் விளக்கங்களும்

நிலம், வீட்டுமனை வாங்குவோர் முன்பணம் கொடுத்து எழுதிக்கொள்ளும் கிரைய உடன்படிக்கையின் வரைவு, இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பல கை மாறிய பிறகே கையெழுத்துக்கு வருகிறது. பத்திர எழுத்தர், எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், இரு வீட்டாரின் பிள்ளைகள் என ஒவ்வொருவரும் ஒரு திருத்தம் சொல்கின்றனர். இதனால் ஒரே பத்திரத்துக்குள் தொகையோ தேதியோ ஒன்றுக்கொன்று முரண்படும் நிலை ஏற்படுகிறது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் ஒரு மனைக்கு எழுதப்படுவதாகக் கொண்ட கற்பனை வரைவு ஒன்றை உதாரணமாக வைத்து, இது குறித்த சந்தேகங்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

முரண்பாடு என்பது எப்படி இருக்கும்?

உதாரண வரைவின் தேதி 10.02.2025. கிரையத் தொகை எண்ணில் ரூ.12,50,000 என்றும், எழுத்தில் 'பன்னிரண்டு லட்சத்து ஐந்தாயிரம்' என்றும் உள்ளது. முன்பணம் ரூ.2,50,000, பாக்கி ரூ.10,00,000. கெடு ஒரு பத்தியில் 'இன்று முதல் ஆறு மாதம்' எனவும், மற்றொரு பத்தியில் '10.07.2025-க்குள்' எனவும் இருக்கிறது. ஆறு மாதக் கணக்குப்படி அது 10.08.2025 ஆக வேண்டும்.

முன்பணத்தையும் பாக்கியையும் கூட்டினால் ரூ.12,50,000 வருகிறதே, எழுத்தில் உள்ளதை மட்டும் திருத்தினால் போதாதா?

கூட்டல் ஒரு நல்ல தடயம். ஆனால் அது முடிவாகாது. பேச்சுவார்த்தையின் கடைசியில் விலை ரூ.12,05,000 எனக் குறைக்கப்பட்டு, எழுத்து மட்டும் மாற்றப்பட்டு, எண்ணும் பாக்கித் தொகையும் பழைய வரைவிலிருந்து அப்படியே தங்கியிருக்கலாம். எது பேசி முடித்த விலை என்பது இரு தரப்புக்கு மட்டுமே தெரியும் என்பதால், வரைவைத் தட்டச்சு செய்பவரோ படித்துப் பார்ப்பவரோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிப்பது சரியல்ல. அப்படி அழித்தால் பத்திரம் பார்வைக்கு ஒழுங்காகிவிடும், சந்தேகம் எழுந்ததற்கான அடையாளமே மிஞ்சாது.

எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்துதான் செல்லும் என்பார்களே?

அது காசோலை, புரோநோட்டு போன்றவற்றுக்கான விதி. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-வது பிரிவில் அப்படிக் கூறுகிறது. அங்கும்கூட, முரண்பட்ட காசோலையை வங்கிகள் பணமாக்காமல் காரணம் குறித்துத் திருப்பி அனுப்புவதே வழக்கம். கிரைய உடன்படிக்கைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. வழக்கு வந்தால் நீதிமன்றம் பத்திரம் முழுவதையும் சேர்த்துப் படித்தே முடிவு செய்யும்.

பிறகு சாட்சி வைத்து எது சரியான தொகை என்று நிரூபிக்க முடியாதா?

எல்லா நேரத்திலும் முடியாது. எழுத்து மூலமான ஆவணத்தின் முகப்பிலேயே மயக்கம் தெரிந்தால், அதை நிரப்ப வெளியிலிருந்து சாட்சியம் தர இயலாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 93-வது பிரிவில் கூறியது. ஒரு குதிரையை 'ரூ.1,000 அல்லது ரூ.1,500'-க்கு விற்பதாக எழுதிவிட்டு, எந்த விலை என்று காட்டப் பின்னர் சாட்சியம் தர முடியாது என்பது அந்தப் பிரிவே தரும் உதாரணம். 01.07.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

தொகை வேறுபாட்டால் அரசுக்குச் செலுத்தும் கட்டணம் மாறுமா?

பின்னர் கிரையப் பத்திரம் பதியும்போது மாறக்கூடும். தமிழகத்தில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு இரண்டு தொகைகளையும்விடக் குறைவு என்று கொண்டால், ரூ.12,50,000-க்கு ரூ.1,12,500-ம், ரூ.12,05,000-க்கு ரூ.1,08,450-ம் செலுத்த வேண்டும், வித்தியாசம் ரூ.4,050. வழிகாட்டி மதிப்பு இரண்டையும்விடக் கூடுதல் என்றால் அந்த மதிப்புக்கே கட்டணம் கணக்கிடப்படும். ஆனால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள ரூ.45,000 வேறுபாடு அப்படியே நிற்கும்.

கெடு ஒரு மாதம் முன்னே பின்னே இருந்தால் என்ன பாதிப்பு?

உடன்படிக்கைப்படி கிரையம் செய்து தரக் கோரும் வழக்கை, அதில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பது காலவரையறைச் சட்டத்தின் விதி. கெடு 10.07.2025 என்றால் அந்த உரிமை 10.07.2028-உடன் முடியும், 10.08.2025 என்றால் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். 01.08.2028-ல் தொடுக்கப்படும் வழக்கு ஒரு கணக்கில் செல்லும், மறு கணக்கில் காலம் கடந்ததாகிவிடும். தொகை வேறுபாட்டைவிட இதுவே கவனத்தில் படாமல் போகிறது, இழப்பும் இதில்தான் பெரிது.

முரண்பாட்டை எப்படிக் குறித்துக் காட்ட வேண்டும்?

இரண்டு மதிப்பையும் வரைவில் அப்படியே விட்டு, இரண்டின் மீதும் அடையாளமிட்டு, தனிக் குறிப்பு ஒன்றை இணைப்பது பாதுகாப்பானது. 'பத்தி 2-ல் தொகை எண்ணில் ரூ.12,50,000, எழுத்தில் ரூ.12,05,000, பத்தி 3-ன் கூட்டல் ரூ.12,50,000; பேசி முடித்த தொகை எது என்பதை இரு தரப்பும் கையெழுத்து நாளுக்கு 2 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்கவும்' என்ற அளவில் குறிப்பு இருந்தால் போதும். எந்த மதிப்பு சரியாக இருக்கலாம் என்ற கருத்தையும் சேர்க்கலாம். ஆனால் அது கருத்து என்றே எழுதப்பட வேண்டும். பதில் வரும்வரை அந்த வரைவு இறுதியானதாகாது.

எழுதிய தேதியும் பதிவுத் தேதியும் வேறாக இருப்பதும் முரண்பாடா?

இல்லை. ஆவணத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யப் பதிவுச் சட்டம் அனுமதிக்கிறது; எனவே வில்லங்கச் சான்றில் இரண்டு தேதிகள் காணப்படுவது இயல்பு. ஆனால் பதிவுத் துறையின் tnreginet.gov.in தளத்தில் விவரங்கள் மீண்டும் ஒருமுறை உள்ளிடப்படுவதால், பத்திரத்தில் உள்ள தேதியும் தொகையும் அங்கும் அதேபோல் உள்ளனவா என ஒப்பிட வேண்டும்.

கையெழுத்துக்குச் சற்று முன்பு கவனித்தால் பேனாவால் அடித்துத் திருத்தலாமா?

இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் திருத்தலாம். அடித்தல், வரியிடை எழுத்து, காலியிடம் ஆகியவற்றின் அருகே எழுதிக் கொடுப்பவர் உள்ளிட்டோரின் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இல்லாவிட்டால், ஆவணத்தை ஏற்க சார் பதிவாளர் மறுக்கலாம் எனப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு கூறுகிறது. தொகை, கெடு போன்றவற்றில் தவறு இருந்தால் அந்தப் பக்கத்தையே புதிதாக அச்சிடுவது நல்லது.

பதிவு முடிந்த பிறகு தெரியவந்தால்?

இரு தரப்பும் சேர்ந்து பிழைத்திருத்தல் ஆவணம் எழுதி, அதையும் பதிவு செய்ய வேண்டும்; மூல ஆவணத்தின் எண், ஆண்டு, தவறான வாசகம், சரியான வாசகம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஒரு தரப்பு மறுத்தால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26-வது பிரிவின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் திருத்தம் கோரலாம். மோசடி அல்லது இரு தரப்புக்கும் பொதுவான தவறு காரணமாக உண்மையான நோக்கம் ஆவணத்தில் வெளிப்படவில்லை என்பதை அங்கு காட்ட வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் அனுப்பிய குறிப்பும் அதற்கு வந்த எழுத்துப் பதிலும் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தால், அவற்றை இந்த வழக்கில் முன்வைக்கலாம்.