12 வயதுப் பையனுக்கு அரை டிக்கெட்டா?

ரயிலில் குழந்தைக்கு எவ்வளவு டிக்கெட் என்பது முன்பதிவு செய்யும் எல்லாக் குடும்பத்திலும் வரும் கேள்வி. இந்திய ரயில்வேயின் விதி சுருக்கமானது. 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை; கேட்டால் முழுக் கட்டணம். 5 வயது நிரம்பி 12 நிரம்பாத குழந்தைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 12 நிரம்பிவிட்டால் பெரியவர் கணக்கு. 2016 ஏப்ரலுக்கு முன் அரை டிக்கெட்டிலேயே படுக்கையும் கிடைத்துக்கொண்டிருந்தது.

இந்த விதியை ஒரு டிக்கெட் செயலிக்குள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு டெஸ்டர் 'டெஸ்ட் கேஸ்' தயாரிப்பார். இன்ன வயதைக் கொடு, இன்னதைத் தேர்ந்தெடு, இன்ன தொகை வர வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்பு அது. இப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குறிப்புகளின் தொகுப்புக்கு 'சூட்' என்று பெயர். செயலியில் எதை மாற்றினாலும் இந்தத் தொகுப்பு முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். பல இடங்களில் தினமும் ராத்திரி அது தானாகவே ஓடும். காலையில் வந்து பார்த்தால் பாஸ் ஆனது பச்சை, ஃபெயில் ஆனது சிவப்பு.

சிவப்பாக இருப்பதைத்தான் மனிதர்கள் திறந்து பார்க்கிறார்கள். பச்சையாக இருப்பதை யாரும் தொடுவதில்லை, தொட நேரமும் இல்லை. எதையும் உருப்படியாகச் சோதிக்காத ஒரு டெஸ்ட் கேஸ் தொகுப்புக்குள் போய்விட்டால் அது தினமும் பச்சையாகவே வரும்; ஆண்டுக்கணக்கில் அதை ஒருவரும் படிக்கமாட்டார்கள். ஆகவே அது உள்ளே போகும் முன் சக டெஸ்டர் ஒருவர் அதை வாசிக்கும் அரைமணி நேரம்தான் பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் ஒரே வாசிப்பு. அந்த வாசிப்புக்குக் கையில் வைத்துக்கொள்ளும் கேள்விப் பட்டியலை ரெவ்யூ செக்லிஸ்ட் என்கிறார்கள்.

நம் செயலிக்குச் சகா எழுதித் தந்த முதல் வடிவம் இப்படி இருக்கலாம். தலைப்பு: 'சிறுவர் கட்டணம் சோதனை.' படிகள்: 3 வயது, 8 வயது, 30 வயதுப் பயணிகளைச் சேர்க்கவும். எதிர்பார்க்கும் விளைவு: 'கட்டணம் சரியாகக் காட்டப்பட வேண்டும்.'

செக்லிஸ்டின் முதல் கேள்வி இந்தக் கடைசி வரியின்மேல்தான் விழும். சரியான கட்டணம் என்றால் எவ்வளவு? தொகை எழுதப்படவில்லை என்றால், ஓட்டிப் பார்ப்பவர் திரையில் வந்ததைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு பாஸ் போட்டுவிடுவார். எதிர்பார்க்கும் விளைவை முன்கூட்டியே எழுதிவைக்காத டெஸ்ட் கேஸ் முழுமையானதல்ல என்று கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979-இல் வெளிவந்த 'மென்பொருள் சோதனைக் கலை' பற்றிய தன் நூலில் வற்புறுத்தினார். இன்றும் ரெவ்யூவில் அதிகம் சிக்கும் குறை அதுதான்.

தொகை எழுதப்பட்டிருந்தாலும் அடுத்த கேள்வி உண்டு: இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? செயலியை ஒருமுறை ஓட்டி, திரையில் வந்த எண்ணையே 'எதிர்பார்க்கும் விளைவு' என்று எழுதிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. செயலி தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் அந்தத் தப்பே விதியாகிவிடும்; பிறகு யாராவது அதைத் திருத்தினால் டெஸ்ட் சிவப்பாகி, திருத்தியவர்தான் திட்டு வாங்குவார். ரெவ்யூ செய்பவர் விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காகிதத்தில் தானே கணக்குப் போட வேண்டும். அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்றால் 3 வயதுக்கு 0, 8 வயதுக்கு 200, 30 வயதுக்கு 400. முன்பதிவுக் கட்டணம் போன்ற மற்றவை தனிக் கணக்கு. அவற்றை இந்த டெஸ்டுக்குள் கலக்காமல் இருப்பது நல்லது.

இனி முக்கியமான கேள்வி. இந்த டெஸ்ட் எப்போது ஃபெயில் ஆகும்? இதைச் சகாவிடம் கேட்பதைவிடச் செயலியிடம் கேட்பதே மேல். கட்டணம் போடும் பகுதி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```python
def base_fare(age, berth, adult):
    if age < 5 and not berth:
        return 0
    if age < 12 and not berth:
        return adult / 2
    return adult
```

வயது 5-க்குக் கீழே, படுக்கை இல்லை என்றால் 0. 12-க்குக் கீழே, படுக்கை இல்லை என்றால் பாதி. மற்றவர்களுக்கு முழுத்தொகை. ரெவ்யூ செய்பவர் இதன் நகல் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே ஒரு பிழையை வைக்கிறார். முதல் `age < 5` என்பதை `age <= 5` ஆக்குகிறார். இனி 5 வயதுக் குழந்தையும் இலவசமாகப் போய்விடும், ரயில்வேக்கு நஷ்டம். டெஸ்டை ஓட்டுகிறார். 3 வயது 0, 8 வயது 200, 30 வயது 400. எல்லாம் பச்சை! பிழை கண்ணெதிரே இருக்கிறது, டெஸ்ட் கண்டுகொள்ளவில்லை. இப்படிப் பிழையை விதைத்து டெஸ்டையே சோதிக்கும் முறையை டிமில்லோ, லிப்டன், சேவர்டு ஆகிய மூவர் 1978-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். இன்று அதைத் தானாகச் செய்யும் கருவிகள் உண்டு. ஆனால் ரெவ்யூவில் கையாலேயே இரண்டு மூன்று பிழைகளை வைத்துப் பார்த்தால் போதும்.

பிழைகள் பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். `<` போட வேண்டிய இடத்தில் `<=` போட்டுவிடுவது எத்தனை வருட அனுபவத்திலும் நடக்கும். ஆகவே ரெவ்யூவில் எழுதப்படும் குறிப்பு: 'வயதை 4, 5, 11, 12 என்று மாற்றவும். 8-ம் 30-ம் தப்பில்லை, ஆனால் அவற்றால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை.' சகா திருத்தி அனுப்புகிறார்:

```python
@pytest.mark.parametrize("age, berth, fare", [
    (4, False, 0),
    (4, True, 400),
    (5, False, 200),
    (11, False, 200),
    (11, True, 400),
    (12, True, 400),
])
def test_base_fare(age, berth, fare):
    assert base_fare(age, berth, 400) == fare
```

பார்க்க அழகாக இருக்கிறது. எல்லை வயது நான்கும் வந்துவிட்டன. முன்பு வைத்த பிழையை இது உடனே பிடிக்கிறது, 5 வயதின் வரி சிவப்பாகிறது. பல ரெவ்யூக்கள் இந்த இடத்தில் முடிந்து, 'ஓகே' விழுந்துவிடும்.

இரண்டாவது பிழையையும் வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். `age < 12` என்பதை `age <= 12` என்று மாற்றுங்கள். 12 வயதுப் பையனுக்கு இப்போது அரை டிக்கெட் கிடைக்க வேண்டும். டெஸ்டை ஓட்டினால் ஆறு வரியும் பச்சை. காரணம் கடைசி வரியில் இருக்கிறது. 12 வயதுக்குச் சகா படுக்கை உண்டு என்று கொடுத்திருக்கிறார். படுக்கை கேட்டாலே 11 வயதுக்கும் முழுக் கட்டணம்தான், 12 வயதுக்கும் முழுக் கட்டணம்தான். ஆக அந்த வரி 12 என்ற எல்லையைத் தொடவே இல்லை. எல்லையைத் தொட வேண்டுமானால் 12 வயது, படுக்கை வேண்டாம் என்று கொடுக்க வேண்டும்.

கொடுத்தால் என்ன வர வேண்டும்? இங்கேதான் ரெவ்யூ செய்பவரும் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. பெரியவருக்குப் 'படுக்கை வேண்டாம்' என்ற வாய்ப்பே கிடையாது. அப்படியானால் செயலி 400 ரூபாய் கேட்க வேண்டுமா, அல்லது 'இந்த வயதுக்கு இது செல்லாது' என்று மறுக்க வேண்டுமா? கட்டண விதி இதற்குப் பதில் சொல்லவில்லை. செயலியின் தேவைக் குறிப்பை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். திரையில் 11 வயது என்று போட்டு, படுக்கை வேண்டாம் என்று டிக் செய்துவிட்டு, பிறகு வயதை 12 என்று திருத்தினால் அந்த டிக் அப்படியே தங்கிவிடுமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. டெஸ்ட் கேஸைப் படிக்கப் போய்ச் செயலியில் தீர்மானிக்காமல் விட்ட ஓர் இடம் அகப்பட்டது. நல்ல ரெவ்யூ இப்படிச் சில சமயம் மூன்றாவது ஆளுக்கும் வேலை வைக்கும்.

செக்லிஸ்டில் இன்னொரு கேள்விக்கும் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்: இதே டெஸ்ட் நாளைக்கும் இதே பதிலைத் தருமா? ரயில் முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்பிருந்து திறக்கிறது. 2024 நவம்பர் 1-க்கு முன் அது 120 நாள். பயணத் தேதி என்று காலண்டரில் ஒரு நாளைப் பார்த்து எழுதிவிட்டால், அந்த நாள் கடந்ததும் டெஸ்ட் செத்துப்போகும். 'இன்றிலிருந்து 30 நாள்' என்று எழுத வேண்டும். அதிலும் 'இன்று' எது என்று கேட்க வேண்டும். டெஸ்ட் ஓடும் கணினி உலகப் பொது நேரத்தில் இருந்து, செயலி இந்திய நேரத்தில் இருந்தால், நள்ளிரவு முதல் காலை 5:30 வரை இரண்டும் வெவ்வேறு தேதியில் நிற்கும். '61-வது நாளுக்கு முன்பதிவை மறுக்க வேண்டும்' என்ற டெஸ்ட் ராத்திரி 2 மணிக்கு ஓடும்போது, அது 61 என்று எண்ணும் நாள் செயலிக்கு 60-வது நாள். முன்பதிவு நடந்துவிடும், டெஸ்ட் சிவப்பாகும். காலை 10 மணிக்கு மறுபடி ஓட்டினால் பச்சை. 'என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது' என்ற வசனம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

காரணமின்றி நிறம் மாறும் இந்த வகையை 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்பார்கள். தன் டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு இந்தக் கோளாறு இருப்பதாக 2016-இல் கூகுளே சொன்னது. இதன் கெடுதல், சிவப்பைப் பார்த்தாலும் 'அது அப்படித்தான் வரும், திருப்பி ஓட்டுங்க' என்று குழு பழகிவிடுவது. நிஜமான பிழை வரும் நாளிலும் அதே பேச்சுத்தான் நடக்கும்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். முந்தைய டெஸ்ட் பதிவு செய்த டிக்கெட்டை நம்பி இது ஓடுகிறதா, தனியாக ஓட்டினாலும் ஓடுமா? இதே சோதனை வேறு பெயரில் ஏற்கெனவே தொகுப்பில் இருக்கிறதா? ஃபெயில் ஆனால் தலைப்பைப் பார்த்தே என்ன கெட்டது என்று புரியுமா? 'சிறுவர் கட்டணம் சோதனை' புரியாது. '5 வயது, படுக்கை இல்லை, பாதிக் கட்டணம்' புரியும். எழுத்துப்பிழை, வரி இடைவெளி இவற்றையெல்லாம் செக்லிஸ்டில் ஏற்றி நாற்பது கேள்வி ஆக்குகிற அலுவலகங்கள் உண்டு. நாற்பது கேள்விக்கும் மடமடவென்று டிக் போட்டுவிட்டுப் போவதுதான் மனித இயல்பு. ஏழெட்டுக் கேள்வி இருந்தால் யோசித்துப் பதில் எழுதுவார்கள். புதுக் கேள்வி ஒன்றைச் சேர்ப்பதானால், தொகுப்பு பிடிக்கத் தவறிய ஒரு நிஜப் பிழை அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

நம் சகாவின் ஆறு வரிகளும் தலைப்பு திருந்தியபின் தொகுப்புக்குள் போகலாம். ஏழாவது வரி, அதாவது 12 வயது, படுக்கை வேண்டாம் என்பது, பதில் வரும்வரை வெளியே காத்திருக்கும். அதற்கு 400 என்று உத்தேசமாக எழுதி உள்ளே தள்ளிவிடக் கூடாது. கேள்வியும், அது யாரிடம் போயிருக்கிறது என்பதும் டெஸ்ட் கேஸின் பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மறுக்க வேண்டும் என்று பதில் வந்தால் மேலே பார்த்த நிரலிலேயே திருத்தம் தேவை, ஏனென்றால் இப்போது அது யாரையும் மறுப்பதில்லை, 400 ரூபாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.