பில் எங்கே தூங்குகிறது?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. சரக்கு நான்கே நாளில் போய்விடுகிறது, பணம் வர எழுபது நாள். ஆர்டர் முதல் வசூல் வரை நடப்பதை ஒரு சார்ட்டில் வரைந்தார்கள். நீச்சல்குளத் தடங்கள்போல வாடிக்கையாளர், விற்பனை, ஸ்டோர், பில்லிங், கணக்கு என ஆளுக்கொரு தடம். வேலைக்குக் கட்டம், முடிவுக்கு வைரவடிவம், கைமாறும் இடத்தில் அம்பு.

மேனேஜர் சொன்னபடி வரைந்தால் படம் அழகாக வரும், ஆனால் பொய்யாக இருக்கும். அதனால் ஒரு நிஜ ஆர்டரின் பின்னாலேயே நடந்தார்கள். விற்பனைக்காரர் வாட்ஸ்அப்பில் 5 சதவீதத் தள்ளுபடிக்குச் சம்மதித்திருந்தார். பில்லிங்குக்கு அது தெரியாது. பழைய விலையில் பில் போனது. வாடிக்கையாளர் அதை நிறுத்திவைத்தார். முப்பதாம் நாள் கணக்குப் பிரிவு போன் செய்தபோதுதான் விஷயமே வெளிவந்தது. படத்தில் அது வாடிக்கையாளர் தடத்திலிருந்து விற்பனைக்குத் திரும்பி ஓடும் அம்பு. தாமதம் கட்டங்களுக்குள் இல்லை, தடம் தாண்டும் அம்புகளில் இருந்தது.

இனி நடக்கவேண்டியதற்கு இன்னொரு படம். அதில் கூடுதலாக ஒரே கட்டம்: ஒப்புக்கொண்ட விலையை விற்பனைப் பிரிவே ஆர்டரில் பதிய வேண்டும், பில் அதிலிருந்து மட்டுமே எழும். பழைய பாக்கியைப் பார்க்கும் வைரவடிவமும் ஸ்டோருக்கு முன்னால் நகர்ந்தது. சரக்கு லாரியேறிய பிறகு பாக்கியைப் பார்த்து என்ன செய்ய?