ஊன்றிய கால் ஏன் வழுக்குகிறது?

வீடியோ கேமில் ஓர் உருவம் நடந்து போகும்போது அதன் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் கவனியுங்கள். டைல்ஸ் பதித்த தரையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முறை ஊன்றிய பாதம், மறுபடி தூக்கும் வரை அதே டைல்ஸ் மேல் இருக்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி நகர்ந்தால், எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பது போலிருக்கும்.

இதற்குக் காரணம், உடலை நகர்த்துவதும் காலை அசைப்பதும் வெவ்வேறு கைகளில் இருப்பதுதான். விளையாடுபவர் எவ்வளவு அழுத்துகிறாரோ, அதற்கேற்ற வேகத்தில் உருவத்தை முன்னே தள்ளுவது நிரல். கால்களோ, யாரோ ஒரு நடிகர் முன்பே நடந்து காட்டிப் பதிவு செய்த கிளிப்பின்படி அசைகின்றன. அவர் நடந்த வேகமும் இவர் கேட்கும் வேகமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நடிகர் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நடந்திருக்கிறார். வலது கால் ஊன்றி, மறுபடி வலது கால் ஊன்றும் வரையிலான ஒரு சுற்றுக்கு 1 வினாடி. விளையாட்டில் தேவைப்படும் வேகம் 2 மீட்டர். ஒரு சுற்றில் ஏறக்குறைய 60 சதவீத நேரம் ஒரு பாதம் தரையில் இருக்கும். அந்த 0.6 வினாடியில், வினாடிக்கு அரை மீட்டர் வித்தியாசம் 30 சென்டிமீட்டர் வழுக்கலாகிவிடுகிறது. ஒரு முழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எவர் கண்ணுக்கும் தெரியும்.

கிளிப்பை 1.33 மடங்கு வேகமாக ஓட்டினால் வழுக்கல் நின்றுவிடும். ஆனால் நிமிடத்துக்கு 120 காலடி வைத்தவர் 160 வைப்பார். கைகளும் தோள்களும் சேர்ந்து படபடக்கும். பழைய ஊமைப் படங்களில் பார்த்த அதே பரபரப்பு.

காலடியை நீட்டுவது இன்னொரு வழி. இதைத்தான் ‘ஸ்ட்ரைட் வார்ப்பிங்’ என்கிறார்கள். எபிக் கேம்ஸ் நிறுவனம் பாராகான் விளையாட்டுக்கு இந்த வகை உத்தியைப் பயன்படுத்தியது. இன்று அன்ரியல் எஞ்சினில் `Stride Warping` என்ற பெயரிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் பாதம் இடுப்புக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கிறது என்று அளந்து, அந்தத் தூரத்தை மட்டும் வேக விகிதத்தால் பெருக்குகிறது. உயரத்தைத் தொடுவதில்லை. பாதம் புதிய இடத்துக்குப் போனதும், முழங்கால் எப்படி மடங்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காலை அதற்கேற்ப அமைக்கிறது.

சிக்கல் காலின் நீளத்தில் இருக்கிறது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூலக் கிளிப்பில் பாதம் 45 சென்டிமீட்டர் முன்னே போகிறது. முழு 1.33 மடங்கையும் காலடிக்கே கொடுத்தால் அது 60 ஆகும். அந்த இடத்தைக் கால் எட்ட வேண்டுமானால், நேராக நீட்டிய காலின் முக்கோணக் கணக்குப்படி இடுப்பு சுமார் 11 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். குதிகால் எழும்புவது கொஞ்சம் ஈடுகட்டும். அப்படியும் உருவம் பதுங்கி நடப்பது போல் ஆகிவிடும். இடுப்பை இறக்காமல் விட்டால் இன்னும் மோசம்: கால் விறைத்து, முழங்கால் சட்டென்று பின்னுக்குத் துள்ளும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அந்தத் துள்ளல் ஓரிரு ஃபிரேம்களில் பிடிபடும்.

எனக்குச் சரியாகப் படும் வழி, நம் உடம்பே செய்வதுதான். அவசரமாக நடக்கும்போது நாம் காலடியை மட்டும் நீட்டுவதில்லை, எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதுமில்லை. இரண்டையும் ஏறக்குறைய சம விகிதத்தில் கூட்டுகிறோம். ஆகவே 1.33 மடங்கை அதன் வர்க்கமூலமாகப் பிரித்து, கிளிப்பின் வேகத்துக்கு 1.155, காலடிக்கு 1.155 என்று கொடுக்கலாம். நிமிடத்துக்குச் சுமார் 139 காலடி. இடுப்பு இறங்குவது நாலரை சென்டிமீட்டர்தான். வழுக்கலும் இல்லை, பரபரப்பும் இல்லை.

வேகம் குறையும் பக்கம் நிலைமை வேறு. அதே கிளிப்பை வினாடிக்கு அரை மீட்டருக்கு இறக்கினால், காலடி பாதியை ஒட்டிச் சுருங்கும். ஆனால் பாதம் தூக்கும் உயரம் பழையபடியே இருக்கும். சேற்றில் கால் வைக்கிறவர் போல உயரத் தூக்கிப் பக்கத்திலேயே வைப்பார். தரையில் ஒட்டிய பாதத்தைப் பார்த்து வழுக்கல் இல்லை என்று திருப்திப்படும் அனிமேட்டர் இதைக் கவனிக்காமல் விட வாய்ப்புண்டு. விகிதத்துக்கு மேலும் கீழும் எல்லை வைப்பது இதற்காகத்தான். எல்லையைத் தாண்டும் வேகங்களுக்கு, நடிகரை மறுபடி அழைத்து மெதுவாக ஒரு முறை, ஓட்டமாக ஒரு முறை தனியே பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.